கடைசி நாள் மார்ச் 31 அல்ல

ஒரு டிசம்பர் மாதம். எங்கள் கீழத்தெருவில் எண்பது வயதைத் தாண்டிய அப்பாயி ஒருவர் இறந்துபோனார். மூன்று நாள் அடைமழை ஓய்ந்திருந்தது. சுடுகாட்டுக்குப் போக வேண்டுமென்றால் பாசன வாய்க்காலைத் தாண்ட வேண்டும். பாலம் கிடையாது. பாடையை ஆறு பேர் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வழுக்கும் கரையில் ஏறினோம். பின்னால் வந்த பெண்கள் இக்கரையிலேயே நின்று அழுதுவிட்டுத் திரும்பினார்கள். டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல.

ஆனால், அன்று எங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. நாங்கள் தண்ணீரில் நின்ற அதே நேரத்தில் அந்தப் பாலத்துக்கும் பாதைக்குமான கோப்பு பாசன அலுவலகத்தில் ஒரு மேசை மீது இருந்தது. அந்த ஆண்டுக்குப் பணமும் இருந்தது. மார்ச் 31 அன்று அந்தப் பணம் திரும்பிப் போனது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: எந்த அலுவலகமும் 'முடியாது' என்று சொல்லவில்லை. ஐந்து அலுவலகங்களும் ஒப்புதல் கொடுத்தன. ஐந்து பேரும் சரி என்று சொல்லி முடிப்பதற்குள் ஆண்டு முடிந்துவிட்டது.

இந்தப் பணம் எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்ப்போம். ஆதிதிராவிடர் துணைத் திட்டம் என்று நாம் சொல்வது, 1979-ல் சிறப்புக் கூறுத் திட்டம் என்ற பெயரில் தொடங்கியது. அரசின் ஒவ்வொரு துறையும் தன் செலவில் பட்டியல் சாதி மக்களின் மக்கள்தொகை அளவுக்கு ஒரு பங்கைத் தனியே எடுத்துவைக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாம் நூற்றுக்கு இருபது பேர். பட்ஜெட் புத்தகங்களில் இந்தப் பங்குக்கு 789 என்று ஓர் எண் உண்டு. நெடுஞ்சாலை, ஊரக வளர்ச்சி, கல்வி என்று எந்தத் துறையின் கணக்கைத் திறந்தாலும், 789 என்ற எண்ணுக்குக் கீழே இருப்பது நமக்காக ஒதுக்கப்பட்ட தொகை. 2024-ல் தமிழ்நாடு அரசு இந்த ஒதுக்கீட்டையும் செலவையும் ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமே நிறைவேற்றியது. பல ஆண்டுகளாகப் பல இயக்கங்கள் கேட்டுப் போராடிய சட்டம் அது.

ஆக, ஒதுக்கீட்டுக்கான சண்டையில் நாம் ஓரளவு முன்னேறியிருக்கிறோம். ஒதுக்கிய பணம் ஊருக்குள் வந்து சேரும் வழியில்தான் இப்போது தடுக்கி விழுகிறோம். காரணம், இது பல துறைகள் சேர்ந்து செலவழிக்க வேண்டிய பணம். எங்கள் பாதையையே எடுத்துக்கொள்வோம். பணம் தருவது ஆதிதிராவிடர் நலத்துறை. வேலையைச் செய்வது ஊராட்சி ஒன்றியத்தின் பொறியாளர்கள். நிலம் வருவாய்த்துறையின் கணக்கில் இருக்கிறது. வாய்க்கால் பாசன அலுவலகத்தின் பொறுப்பு. வழியில் நிற்கும் கம்பங்கள் மின்சார அலுவலகத்துடையவை. ஐந்து பேரின் கையெழுத்துக்குப் பிறகுதான் ஒரு மூட்டை சிமெண்டைப் பிரிக்க முடியும். ஆனால், செலவழிக்கும் கெடு ஒன்றே ஒன்று: மார்ச் 31. அதற்குள் கருவூலத்தில் பில் ஏறாத தொகை அந்த ஆண்டோடு காலாவதியாகிவிடும். அடுத்த ஆண்டு மறு ஒதுக்கீடு கேட்டு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

இனி, முதல் ஆண்டில் எங்கள் கோப்பு எப்படி நடந்தது என்பதைத் தேதிவாரியாகச் சொல்கிறோம். இவை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு நாங்கள் பெற்ற நகல்களில் இருந்து எழுதுபவை.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். அம்மாதக் கடைசித் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தோம். செப்டம்பர் நடுவில் எங்கள் பாதை அந்த ஆண்டின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நாங்கள் கிட்டத்தட்ட வெற்றிபெற்றுவிட்டதாக நினைத்தோம். ஒன்றியப் பொறியாளர் வந்து அளந்தார். 620 மீட்டர் நீளத்துக்கு மூன்று மீட்டர் அகலத்தில் சிமெண்ட் சாலை, வாய்க்காலின் குறுக்கே சிமெண்ட் குழாய்கள் பதித்த சிறுபாலம், மொத்தம் 38 லட்சம் என்று செப்டம்பர் இறுதியில் மதிப்பீடு தயாரானது.

அக்டோபரில் கோப்பு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனது. நிலம் யாருடையது என்று சான்று வேண்டும். நியாயமான கேள்விதான். பட்டா நிலத்தில் சாலை போட்டுவிட்டு நாளை வழக்கு வந்தால் யார் பதில் சொல்வது? நில அளவர் வர வேண்டும். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வயலெல்லாம் தண்ணீர். நவம்பர் இரண்டாம் வாரம் அளந்தார்கள். புல வரைபடத்தில் அது வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று தெளிவாக இருந்தது. ஆனால், 90 மீட்டர் நீளத்துக்குப் பக்கத்து நிலத்துக்காரரின் வரப்பு பாதைக்குள் நகர்ந்திருந்தது. இந்தக் குறிப்போடு நவம்பர் இறுதியில் அறிக்கை கிடைத்தது.

டிசம்பர் முதல் வாரம் கோப்பு பாசன அலுவலகத்துக்குப் போனது. அப்பாயியை நாங்கள் தண்ணீரில் தூக்கிச் சென்றது இந்த வாரங்களில்தான். டிசம்பர் 27 அன்று அவர்கள் பதில் எழுதினார்கள். குழாய் போட அனுமதிக்க முடியாது. வெள்ளக் காலத்தில் வைக்கோலும் ஆகாயத்தாமரையும் குழாயில் அடைத்துக்கொண்டு கரை உடையும். மூன்று மீட்டர் திறப்புள்ள பெட்டி வடிவப் பாலம்தான் கட்ட வேண்டும் என்றார்கள். இதுவும் சரிதான். கரை உடைந்தால் முதலில் மூழ்குவது கீழத்தெருதான்.

ஆனால், பெட்டிப் பாலம் என்றதும் மதிப்பீடு மாறியது. கோப்பு மறுபடி ஒன்றிய அலுவலகத்துக்கு வந்தது. ஜனவரி 10-ல் 46 லட்சத்துக்குத் திருத்திய மதிப்பீடு தயாரானது. அப்போதுதான் யாரோ கவனித்தார்கள், பாதையை மூன்று மீட்டராக அகலப்படுத்தினால் இரண்டு மின்கம்பங்கள் நடுவில் நிற்கும் என்று. ஜனவரி 20-ல் மின்சார அலுவலகத்துக்குக் கடிதம் போனது. பிப்ரவரி 6-ல் பதில் வந்தது: கம்பங்களை மாற்றலாம், அதற்கான தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும். அந்தத் தொகை மதிப்பீட்டில் இல்லை. இரண்டாம் முறையாக மதிப்பீடு திருத்தப்பட்டது.

பிப்ரவரி 20 நிர்வாக அனுமதி. மார்ச் 1 தொழில்நுட்ப அனுமதி. மார்ச் 3 ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு. இரண்டு கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது ஒப்பந்தப்புள்ளி விதி. மார்ச் 18-ல் திறந்தார்கள். மார்ச் 25-ல் ஒப்பந்ததாரருக்கு வேலை உத்தரவு கொடுத்தார்கள். ஆண்டு முடிய ஆறு நாள் இருந்தது. ஆறு நாளில் 620 மீட்டர் சாலையும் பாலமும் கட்ட எந்த ஊரிலும் ஆள் கிடையாது.

இந்தக் கதையில் வில்லனைத் தேடி நாங்கள் ரொம்ப நாள் அலைந்தோம். ஒவ்வொரு அலுவலகமும் கோப்பை வைத்திருந்தது மூன்று வாரம், ஐந்து வாரம்தான். தனித்தனியாகப் பார்த்தால் யாரையும் பெரிதாகக் குற்றம் சொல்ல முடியாது. கோளாறு கோப்பு நடந்த விதத்தில் இருந்தது. ஒருவர் முடித்த பிறகே அடுத்தவரிடம் கேட்டார்கள். நிலச் சான்று வந்த பிறகுதான் வாய்க்கால் அனுமதி கேட்டார்கள். வாய்க்கால் அனுமதி வந்த பிறகுதான் கம்பம் கண்ணில் பட்டது. நிலம் யாருடையது என்பதற்கும் வாய்க்காலில் குழாயா பெட்டியா என்பதற்கும் என்ன சம்பந்தம்? இரண்டையும் ஒரே நாளில் கேட்டிருக்கலாம். கம்பத்தைப் பற்றி முதல் நாளே கேட்டிருக்கலாம்.

இன்னொரு கோளாறும் உண்டு. மதிப்பீடு முதலில் தயாரானது, நிபந்தனைகள் பிறகு வந்தன. தலைகீழாக நடந்திருக்க வேண்டும். பாசன அலுவலகம் எந்த மாதிரிப் பாலம் கேட்கும், மின்சார அலுவலகம் எவ்வளவு கட்டச் சொல்லும் என்று தெரிந்த பிறகு மதிப்பீடு போட்டிருந்தால் அது ஒரே மதிப்பீடாக இருந்திருக்கும். ஒவ்வொரு நிபந்தனையும் பின்னால் வந்ததால் கோப்பு ஒவ்வொரு முறையும் தொடங்கிய இடத்துக்கே திரும்பியது. ஒரு கோப்பு இப்படிச் சிக்கிக்கொண்டதா என்று கண்டுபிடிக்க எளிய அடையாளம் உண்டு. 'திருத்திய மதிப்பீடு' என்ற சொல் அதில் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். ஒரு முறை வந்தால் இயல்பு. ஜனவரிக்குப் பிறகும் வந்தால் அந்தப் பணம் திரும்பப் போகிறது என்று பொருள்.

ஏப்ரலில் ஒன்றிய அலுவலகத்தில் ஓய்வுபெறும் நிலையில் இருந்த ஒரு பொறியாளரைப் பார்க்கப் போனோம். கோபமாகத்தான் போனோம். அவர் எங்களை உட்காரச் சொல்லி, ஒரு பழைய நாட்காட்டியை எடுத்து மேசையில் போட்டார். "தம்பி, நீங்க எல்லாரும் முன்னால இருந்து எண்ணுறீங்க. பின்னால இருந்து எண்ணிப் பாருங்க" என்றார். அன்று அவர் எண்ணிக் காட்டியதை அப்படியே இங்கே தருகிறோம். நம் பகுதியில் நலத்திட்டப் பணத்துக்காக அலையும் ஒவ்வோர் ஊரும் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

மார்ச் 31 ஆண்டின் கடைசி நாள். ஆனால், கடைசி வாரம் கருவூலத்தில் பில்கள் மலைபோல் குவியும். எனவே மார்ச் 20-க்குள் பில் உள்ளே போயிருக்க வேண்டும். இறுதி பில்லுக்குக் கான்கிரீட்டின் பலச் சோதனை முடிவு வேண்டும். கான்கிரீட் போடும்போதே கனசதுர அச்சில் கொஞ்சம் எடுத்து வைத்து, 28-ஆம் நாள் அதை நசுக்கிப் பார்ப்பார்கள். மார்ச் 20-ல் இருந்து 28 நாள் பின்னே போனால் பிப்ரவரி 20. அதாவது கடைசிக் கான்கிரீட்டைப் பிப்ரவரி 20-க்குள் போட்டிருக்க வேண்டும்.

பாலத்தை எப்போது தொடங்க முடியும்? வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது அடித்தளம் தோண்ட முடியாது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது டெல்டாவின் வழக்கம். ஆக, இந்த நிதியாண்டுக்குள் பாலத்துக்குக் கிடைப்பது ஜனவரி 28-ல் இருந்து பிப்ரவரி 20 வரையிலான 23 நாள் மட்டும்தான். ஜனவரி 28 அன்று காலை ஒப்பந்ததாரர் கம்பியோடும் ஆட்களோடும் கரையில் நிற்க வேண்டும். அதற்கு அவரிடம் டிசம்பர் இறுதிக்குள் வேலை உத்தரவு இருக்க வேண்டும்.

வேலை உத்தரவுக்கு முன்னால் ஒப்பந்தப்புள்ளிக்கு 15 நாள், அதைப் பரிசீலிக்கவும் ஒப்பந்தம் எழுதவும் இரண்டு வாரம். எனவே நவம்பர் இறுதிக்குள் அறிவிப்பு. அதற்கு முன் தொழில்நுட்ப அனுமதி, அதற்கு முன் நிர்வாக அனுமதி என்று அக்டோபர், நவம்பர் போய்விடும். மதிப்பீடு செப்டம்பர் இறுதிக்குள் முடிந்திருக்க வேண்டும். அந்த மதிப்பீடு திருத்தம் இல்லாமல் நிற்க வேண்டுமானால், எல்லாத் துறைகளின் நிபந்தனைகளும் ஆகஸ்ட் 31-க்குள் கையில் இருக்க வேண்டும்.

எண்ணி முடித்ததும் எங்களுக்குத் தலை சுற்றியது. நாங்கள் மார்ச் 31 வரை நேரம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம். உண்மையான கடைசி நாள் ஆகஸ்ட் 31. முதல் ஆண்டில் நாங்கள் ஆகஸ்ட் 15-ல் தீர்மானம் போட்டபோதே அந்த ஓட்டத்தில் தோற்றுவிட்டோம்.

அடுத்த முறை மே 1 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். மனுவில் இம்முறை 'பாதை வேண்டும்' என்பதோடு நிறுத்தவில்லை. ஐந்து அலுவலகத்தாரும் ஒரே நாளில் இடத்துக்கு வந்து பார்க்கும் கூட்டுப் புலத்தணிக்கைக்கு ஒரு தேதி குறித்து உத்தரவிட வேண்டும் என்று ஆட்சியரிடம் கேட்டோம். ஆட்சியர் எல்லாத் துறைகளுக்கும் பொதுவான தலைவர். ஐந்து அலுவலகங்களையும் ஓர் இடத்துக்கு அழைக்கும் அதிகாரம் மாவட்டத்தில் அவருக்குத்தான் உண்டு. ஒன்றிய அலுவலகம் பாசன அலுவலகத்துக்கு எழுதும் கடிதம் சமமானவர் சமமானவருக்கு எழுதுவது. அதற்கு அவசரம் கிடையாது.

ஜூன் முதல் வாரம், வாய்க்காலுக்குத் தண்ணீர் வருவதற்கு முன்பே எல்லாரும் வந்தார்கள். காய்ந்த வாய்க்காலில் இறங்கி நின்று பார்த்தபோது, ஏழு மாதம் கடிதத்தில் ஓடிய விஷயங்கள் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தன. பாசன அலுவலர் தரைமட்டத்தைப் பார்த்து, "பெட்டி போடுங்க, மூணு மீட்டர் திறப்பு, அடித்தளம் வாய்க்கால் தரைக்குக் கீழே இருக்கணும்" என்று அங்கேயே சொன்னார். மின்சார அலுவலர் இரண்டு கம்பங்களுக்கும் புதிய இடத்தைக் காட்டினார். நில அளவர் கல் நட்டார்.

புறப்படும் முன் ஒரே ஒரு தாளில் அட்டவணை எழுதினோம். எந்த அலுவலகம், என்ன தர வேண்டும், எந்தத் தேதிக்குள், யாருக்கு என்று நான்கு கட்டங்கள். வட்டாட்சியர் அலுவலகம் நிலச் சான்று, ஜூலை 15. பாசன அலுவலகம் நிபந்தனைகளோடு தடையின்மைச் சான்று, ஜூலை 31. மின்சார அலுவலகம் கம்பம் மாற்றச் செலவு மதிப்பீடு, ஜூலை 31. ஒன்றியப் பொறியாளர் எல்லாவற்றையும் சேர்த்த முழு மதிப்பீடு, செப்டம்பர் 15. ஐந்து பேரும் கையெழுத்திட்டார்கள். அந்தத் தாளின் நகலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினோம். கல்லூரிக்குப் போகும் எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர், கெடுவுக்கு ஒரு வாரம் முன்னால் அந்தந்த அலுவலகத்துக்குப் போய் வணக்கம் சொல்லிவிட்டு வருவதை வேலையாக எடுத்துக்கொண்டார்கள்.

எல்லாம் சொன்னபடி நடந்துவிடவில்லை. பாசனச் சான்று ஆகஸ்ட் 19-ல்தான் வந்தது. ஆனால், மற்ற மூன்றும் அதற்காகக் காத்திருக்காமல் பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்ததால் மொத்தக் கணக்கு கெடவில்லை. கம்பத்துக்கான தொகை முதல் மதிப்பீட்டிலேயே இருந்தது. டிசம்பர் 22-ல் வேலை உத்தரவு கொடுத்தார்கள். சாலைப் பகுதியை ஜனவரியில் போட்டார்கள். பெட்டிப் பாலத்தின் துண்டுகளை வாய்க்கால் காயும் முன்பே கரையில் வார்த்து வைத்திருந்தார்கள். பிப்ரவரி 17-ல் கடைசிக் கான்கிரீட். மார்ச் 18-ல் பில் கருவூலத்துக்குப் போனது. ஊருக்குப் பாதை கிடைத்தது.

இதோடு முடித்தால் ஏதோ அட்டவணை போட்டால் சாதி போய்விடும் என்று சொன்னதுபோல் ஆகிவிடும். அந்த 90 மீட்டர் வரப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த நிலத்துக்காரர் ஊர்த்தெருவைச் சேர்ந்தவர். முதல் ஆண்டில் அந்த ஆக்கிரமிப்பின் மீது நோட்டீஸ் கொடுக்க யாரும் அசையவில்லை. '1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற வரி கோப்பில் இருந்தது, நடவடிக்கை இல்லை. இரண்டாம் ஆண்டில் ஐந்து துறைகளின் முன்னால் கல் நட்ட பிறகு, கையெழுத்திட்ட தாளில் தேதி எழுதிய பிறகு, அவரே வரப்பை நகர்த்திக்கொண்டார். எல்லா ஊரிலும் இப்படி நடக்காது. ஆனால், ஒரு விஷயம் எங்களுக்குப் புரிந்தது. கோப்பு ஐந்து மேசைகளில் தனித்தனியாக நகரும்போது, சாதி எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. எல்லாத் தாமதமும் ஒன்றுபோல் 'நடைமுறை' என்ற பெயரில் இருக்கும். நான்கு அலுவலகங்கள் தேதிக்குள் முடித்து, ஒன்று மட்டும் காரணமில்லாமல் நிற்கும்போது அது வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

இன்னோர் ஆபத்தையும் சொல்லிவிடுகிறோம். மார்ச் கடைசியில் பணம் திரும்பிப் போவதைவிட மோசமானது, அது செலவானதாகக் கணக்கு எழுதப்படுவது. வேலை நடக்காத தொகையை வேறு கணக்குக்கு மாற்றிப் போட்டுவிட்டு, பயனீட்டுச் சான்று அனுப்பிவிடும் பழக்கம் அரசுத் திட்டங்களில் புதிதல்ல. தணிக்கை அறிக்கைகள் பலமுறை சுட்டிக்காட்டியிருக்கின்றன. இதைக் கண்டுபிடிக்க ஓர் ஊர்க்காரரால் முடியும். அளவுப் புத்தகத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எந்தத் தேதியில் எத்தனை மீட்டர் அளந்தார்கள் என்று அதில் இருக்கும். பணம் போயிருந்து, அளவுப் புத்தகத்தில் அளவு இல்லை என்றால், வேலை காகிதத்தில்கூட நடக்கவில்லை என்று பொருள். மனுவுக்குப் பதில் வர 30 நாள் ஆகும், முதல் மேல்முறையீட்டுக்கு இன்னும் 30 நாள். எனவே கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்கும் மனுவைச் செப்டம்பரில் போட வேண்டும். பிப்ரவரியில் போட்டால் கிடைப்பது ஏன் தோற்றோம் என்ற விளக்கம் மட்டுமே. எங்களுக்கு முதல் ஆண்டில் கிடைத்தது அதுதான்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை இரண்டு. முதலாவது, துணைத் திட்டத்தில் பல துறை சேர்ந்து செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் கூட்டுப் புலத்தணிக்கையை ஜூன் மாதத்துக்குள் கட்டாயமாக்க வேண்டும். அதில் கையெழுத்தான தேதித் தாளை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். எங்களுக்கு இது ஒரு நல்ல ஆட்சியரின் விருப்பத்தால் கிடைத்தது. விருப்பம் இடமாற்றலாகிப் போய்விடும், விதி போகாது. இரண்டாவது, ஊர் மீது தவறில்லாமல் திரும்பிய பணம் அதே வேலைக்கு அடுத்த ஆண்டு தானாக வர வேண்டும். தெலங்கானா 2017-ல் கொண்டுவந்த சிறப்பு மேம்பாட்டு நிதிச் சட்டத்தில், செலவாகாத தொகையை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல வழி வைத்தார்கள். தாமதத்துக்கான தண்டனையை ஊர் அனுபவிக்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள்.

ஊர்களிடம் நாங்கள் கேட்பது இன்னும் சிறியது. வரும் கிராம சபைக்கு முன்னால் ஒரு நாட்காட்டியை எடுத்து வையுங்கள். மார்ச் 31-ல் விரலை வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். உங்கள் ஊரில் வாய்க்கால் இல்லாமல் இருக்கலாம். ரயில்வே பாதை இருக்கலாம், வனத்துறை எல்லை இருக்கலாம், நெடுஞ்சாலை இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்தும் ஒரு காலமும் உண்டு. எண்ணி முடிக்கும்போது விரல் எந்தத் தேதியில் நிற்கிறதோ, அதுதான் உங்கள் கடைசி நாள்.

கடந்த மாதம் எங்கள் தெருவில் இன்னொரு சாவு. மழை பெய்துகொண்டுதான் இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் ததும்பியது. பாடை பாலத்தின் மீது போனது. பெண்கள் அக்கரை வரை வந்து வழியனுப்பிவிட்டுத் திரும்பினார்கள்.